மூன்று மாதத்துக்கு ஒரு டீச்சர்

‘மாற்றாசிரியர் தேவை. பாடம்: தமிழ்மொழி, கலைக்கல்வி. வகுப்பு: ஆண்டு 1, ஆண்டு 2. ஆண்டு 1-க்கு வகுப்பாசிரியர் பொறுப்பும் உண்டு. காலம்: ஜனவரி 12 முதல் ஏப்ரல் 10 வரை. பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 150 வெள்ளி, வேலை நாளுக்கு மட்டும். கிள்ளான் தமிழ்ப்பள்ளி. விருப்பமுள்ளவர்கள் உடனே சான்றிதழ்களை அனுப்பவும்.’

இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்தால் நீங்களும் நானும் யாருக்காவது தட்டிவிட்டு மறந்துபோவோம். ரமணியால் அப்படி முடியாது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த கையோடு அதைப் படித்தாள். தோசை கருகினாலும் பரவாயில்லை என்று அடையாள அட்டை, பட்டச் சான்றிதழ், எஸ்பிஎம் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் கரண்டியைத் தேடினாள். இந்தப் பிழைப்பில் முந்தியவனுக்குத்தான் பந்தி. ஒரே செய்தி கோயில் குழு, பழைய மாணவர் குழு, பெற்றோர் குழு என்று சுற்றிச் சாயங்காலத்துக்குள் ரவாங் வரைக்கும் போய்விடும். அதற்குள் தலைமையாசிரியர் ஒரு பெயரை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்பியிருப்பார்.

“எத்தனை மாசம்?” என்று கேட்டான் முகுந்தன். அவள் கணவன். கிரேப் வாடகைக் கார் ஓட்டுகிறவன். காலைச் சவாரிகளை முடித்துவிட்டுப் பசியாற வந்திருந்தான்.

“மூணு மாசம்.”

“அப்ப பிரசவம்தான். யாரோ பிள்ள பெத்தா உனக்கு வேல வருது. நல்ல ராசி லா உனக்கு.”

அவன் கேலியில் பொய் இல்லை. பதினான்கு வருடமாக ரமணி செய்துவரும் வேலைக்குக் காகிதத்தில் ‘குரு கந்தி’ என்று பெயர். ஆசிரியர் அறையிலும் பிள்ளைகள் வாயிலும் ‘ரிலீஃப் டீச்சர்’. ஒருத்தி பிரசவ விடுப்பில் போவாள். ரமணி அந்த நாற்காலியில் உட்காருவாள். பிள்ளைகளின் பெயர்கள் மனப்பாடமாகி, யார் யாரிடம் பென்சிலைப் பறிப்பான், யாருக்கு ‘ற’ வராது என்றெல்லாம் புரிகிற நேரத்தில், போனவள் கொஞ்சம் பூசினாற்போல உடம்போடு திரும்பி வருவாள். ரமணி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். சுங்கை பூலோ, ரவாங், ஷா ஆலம், பந்திங் என்று அவள் ஏறாத பள்ளி இல்லை. பட்டம் தமிழில் வாங்கியவள். நிரந்தர வேலைக்கான நேர்முகத்துக்கு மூன்று முறை போனாள், மூன்று முறையும் ‘தோல்வி’ என்று கணினி சொன்னது. பிறகு வயது வரம்பு வந்து கதவைச் சாத்தியது.

இதில் அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. சம்பளமில்லாத விடுமுறை நாட்களைப் பற்றிக்கூட அவள் இவ்வளவு நொந்துகொண்டதில்லை. ஒரு வகுப்பை முதல் நாளில் வாங்கிக் கடைசி நாள் வரைக்கும் அவள் கொண்டுபோனதே இல்லை. நட்ட நடுவில் ஏறி நட்ட நடுவில் இறங்குகிற பயணிக்குப் பேருந்து எங்கிருந்து கிளம்பியது, எங்கே போய் நின்றது என்று எப்படித் தெரியும்? ஆண்டு ஒன்றில் ‘அ’ தெரியாமல் வருகிற பிள்ளை ஆண்டு முடிவில் ஒரு பக்கத்தைத் தானாகப் படிப்பதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வெளியே சொன்னால் இது ஓர் ஆசையா என்று சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

இந்தச் செய்தியில் தேதி ஜனவரி 12 என்றிருந்தது. பள்ளி திறக்கும் நாள். முதல் நாளே கிடைக்கிறது. தொடக்கமாவது கிடைத்ததே என்று அவள் அன்றைக்குக் கருகின தோசையை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் தின்றாள்.

தலைமையாசிரியர் செபாஸ்டியன் அளந்து பேசுகிறவர். இலாகாவின் அனுமதி வந்ததும் அழைத்தார்.

“டீச்சர், பன்னெண்டாம் தேதி லாப்போர் டிரி பண்ணி வேலையில சேர்ந்துடுங்க. அதுக்கு முன்னாடி அமுதவள்ளி டீச்சர் வீட்டுக்குப் போய் அலமாரிச் சாவியும் ஆண்டுப் பாடத்திட்டமும் வாங்கிக்குங்க. கிள்ளான்லதான் இருக்காங்க. அட்ரஸ் அனுப்பறேன்.”

எதற்கு விடுப்பு என்று அவர் சொல்லவில்லை. ரமணியும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மூன்று மாதம் என்றால் அவள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். சும்மா போய் நிற்கக் கூடாது என்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் குழந்தைக்குக் கருப்பு வளையலும், மஞ்சள் நிறத்தில் சட்டையும் காலுறையும் தொப்பியும் சேர்ந்த பெட்டியும் வாங்கினாள். ஆணா பெண்ணா தெரியாததால் மஞ்சள். கடைக்காரம்மாள் மேலே நாடா கட்டிக் கொடுத்தார்.

கதவைத் திறந்தவர் அமுதவள்ளியின் கணவர் யுகேந்திரன். அவர் தலைமயிர் நரைத்திருந்ததைப் பார்த்தபோதே ரமணிக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. சிரித்த முகத்தோடு பெட்டியை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தலையில் பருத்தித் துண்டைச் சுற்றியிருந்தார். புருவம் இல்லை. பக்கத்தில் முக்காலியில் மாத்திரைப் பட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தன.

ரமணியின் கை பெட்டியோடு அப்படியே நின்றது. மறைக்கவும் முடியவில்லை. நாடாவோடு பளிச்சென்று மஞ்சளாக இருந்ததை எங்கே மறைப்பது? பெட்டியின் மேல் மூடி கண்ணாடித்தாள் வேறு. உள்ளே இருந்த சின்னத் தொப்பி நன்றாகத் தெரிந்தது.

அமுதவள்ளி அதைப் பார்த்தார். யுகேந்திரனைப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

“மூணு மாசம்னு போட்டதும் பிரசவம்னு நெனச்சிட்டீங்களா? ஐயோ, இந்த வயசுல! என்னங்க, கேட்டீங்களா?”

“மன்னிச்சிடுங்க டீச்சர். எனக்குத் தெரியாது. சார் எதுவுமே சொல்லல.” ரமணிக்கு அழுகை வந்துவிட்டது.

“நான்தான் யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னேன். தெரிஞ்சா ஆளாளுக்குக் கஷாயம் கொண்டுவருவாங்க. அழாதீங்க லா. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. இந்த வீட்டுக்குள்ள இப்படி ஒரு பெட்டி வந்ததே இதுதான் மொத தடவ.” சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே அதைத் தூக்கிக்கொண்டார். “ஆண்டு ஒண்ணுல இருபத்தேழு பேரு வராங்க. நான் அவங்க மூஞ்சியக்கூடப் பாக்கல. இத எடுத்துட்டுப் போங்க. பிள்ளைங்க ஒங்ககிட்டதான் இருக்கப் போறாங்க.”

அன்று கொமியூட்டர் ரயிலில் திரும்பி வரும்போது ரமணி அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரே இருந்த பெண் ‘எத்தனை மாதம்’ என்று மலாயில் கேட்டாள். ரமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் முகுந்தனிடம் சண்டை பிடித்தாள். “பிரசவம்னு சொன்னியே, வாய் சும்மா இருக்காதா?” பாவம், அவன் என்ன செய்வான்? அவள் தன்மேல் இருந்த கோபத்தை அவன் தலையில் கொட்டினாள். வீட்டுக்கு வீடு இதற்குத்தானே கணவன்மார்கள் இருக்கிறார்கள்.

பள்ளி திறந்த நாளில் ஆண்டு ஒன்றுக்கு ஏடு தொடக்கம் நடந்தது. சில தமிழ்ப்பள்ளிகளில் அது வழக்கம். தட்டில் அரிசி பரப்பி, ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து ஆசிரியை ‘அ’ எழுத வைப்பார். பெற்றோர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியே முண்டியடிப்பார்கள். பதினான்கு வருடத்தில் ரமணி இதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். அன்று இருபத்தேழு விரல்களை அவளே பிடித்தாள். சில விரல்கள் வேர்த்திருந்தன, ஒன்றில் சாக்லேட் ஒட்டியிருந்தது. தாமரை என்கிற சிறுமி மட்டும் கையைக் கொடுக்காமல், “நீங்க எழுதுங்க டீச்சர், நான் பாக்கறேன்” என்றாள். பெரிய அதிகாரி மாதிரி. ரமணி எழுதிக் காட்டினாள். பிறகுதான் தாமரை விரலை நீட்டினாள்.

அதற்குப் பிறகு ரமணிக்குப் பித்துப் பிடித்ததுபோல ஆகிவிட்டது. விடிவதற்கு முன்பே கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிவிடுவாள். பல்பொருள் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து எழுத்து அட்டைகள் வெட்டுவாள். மதிய உணவு நேரத்தில் சாப்பிடாத பிள்ளைக்கு ஊட்டிவிடுவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ரமணிக்கு மேல்நிலைப் பள்ளியில் ஒரு மகன் இருந்தான். அவன் தானே வளர்ந்துகொண்டிருந்தான், பெரும்பாலும் மேகி தின்று.

வாரத்துக்கு ஒரு தடவை அவள் பிள்ளைகள் படிக்கிற குரலைப் பதிந்து அமுதவள்ளிக்கு அனுப்புவாள். ‘ப-ட-ம், படம்’ என்று ஒன்று இழுக்கும். இன்னொன்று பின்னால் கத்தும். சிகிச்சை நாட்களில் பதில் வராது. இரண்டு நாள் கழித்து வரும். “அந்தக் கத்தறவன் யாரு? அவனுக்குக் காது கேக்குதான்னு பாருங்க.” பார்த்தால் நிஜமாகவே ஒரு காது மந்தம். ஒரு தடவைகூடப் பார்க்காத பையனை அந்த அம்மாள் குரலை வைத்தே பிடித்துவிட்டார் என்பதில் ரமணிக்கு மரியாதையும், சொல்லப்போனால் கொஞ்சம் பொறாமையும் வந்தன.

மார்ச் முடியும்போது ரமணிக்குத் தூக்கம் கெட்டது. ஏப்ரல் 10 நெருங்கியது. இந்த வேலையின் கணக்கு எளிமையானது. விடுப்பில் இருப்பவர் விடுப்பை நீட்டித்தால் மாற்றாசிரியருக்கும் நீட்டிப்பு கேட்டு இலாகாவுக்கு மறுபடி எழுதுவார்கள். அவர் வேலைக்குத் திரும்பினால் முந்தின நாளோடு இவள் வேலை முடிந்தது. அவர் ஒருவேளை இல்லாமலே போய்விட்டால், அப்போதும் இவளுக்கு இடமில்லை. விடுப்பே இல்லாதபோது மாற்று எதற்கு? அது காலியிடமாகி, அமைச்சு யாரையாவது நிரந்தரமாக அனுப்பும். ஆக, அமுதவள்ளி குணமாகவும் கூடாது, போகவும் கூடாது. ரமணி அந்த வகுப்பில் இருக்க வேண்டுமானால் அந்த அம்மாள் அந்தச் சோபாவிலேயே வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இது புரிந்த நாளில் ரமணி கந்தசாமி கோயிலுக்குப் போனாள். கையைக் கூப்பி நின்றாள். டீச்சர் நல்லாயிடணும் என்று வாய்விட்டுச் சொன்னாள். உள்ளே ஒரு குரல், ‘டிசம்பருக்கு அப்புறம்’ என்றது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திருநீறுகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டாள்.

விடுப்பு நீண்டது. புற்றுநோய்க்கென்று அரசு ஊழியர்களுக்குத் தனி விடுப்பு உண்டு, டாக்டர் கடிதம் இருந்தால் தொடர்ந்து கொடுப்பார்கள். ஏப்ரலில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. இரண்டாவது கடிதத்தில் டிசம்பர் 4 வரை என்று போட்டிருந்தது. அதுதான் பள்ளியின் கடைசி நாள். செபாஸ்டியன் சார் அதை நீட்டியபோது ரமணி நன்றி சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். சந்தோஷப்பட்டதற்காகவும் அழுதாள்.

இனி யார் வந்து பறிக்கப் போகிறார்கள் என்று இருந்தாள். தாமரை இப்போது சொற்களைப் படித்தாள், வாக்கியம் வந்தால் மட்டும் பாதியில் நின்றுவிடுவாள். காது மந்தமான பையன் ரிஷி முன் வரிசையில் உட்கார்ந்து தெளிவாகப் படித்தான். ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவுக்கு ஆண்டு ஒன்று மேடையேறி ஆளுக்கொரு வரி வாசிக்க வேண்டும் என்று அவளே யோசனை சொன்னாள். வரிகளையும் அவளே எழுதினாள். நவம்பரும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை செபாஸ்டியன் சார் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொல்கிற மனிதர் அல்ல.

“அமுதவள்ளி டீச்சர் திரும்பி வரேன்னு சொல்றாங்க. திங்கக்கிழமையிலிருந்து. டாக்டர் வேலைக்குப் போகலாம்னு லெட்டர் கொடுத்துட்டாரு.”

ரமணி மனசுக்குள் நாளை எண்ணினாள். விழாவுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

“ஆனா ஒண்ணு சொன்னாங்க. ரமணிக்கு வருஷத்த முடிக்கணும்னு இருந்தா நான் லெட்டரக் கொடுக்கல, லீவுலயே இருந்துக்கறேன், அவங்களக் கேட்டுட்டுச் சொல்லுங்கன்னாங்க. நான் கேக்கறேன். ரூல்படி நான் இப்படிக் கேக்கவே கூடாது.”

ரமணிக்குக் கோபம் தலைக்கேறியது. வேண்டும் என்றால் வந்துவிட வேண்டியதுதானே? என் தலையில் ஏன் போட வேண்டும்? கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்கிறவர்கள், அதையும் என் கையாலேயே செய்யச் சொல்கிறார்களே! “நாளைக்குச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் முகுந்தன் காரில் ஏற்றிக்கொண்டு அமுதவள்ளி வீட்டுக்கே கூட்டிப் போனான். வழியில் அவன் கேலி செய்யவில்லை.

“நேராப் போய், நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர், உடம்பப் பாருங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். பொய்யில்லையே. சீக்காளிக்கு ரெஸ்ட் நல்லதுதானே?”

பொய்யில்லைதான். அதுதான் ரமணிக்கு வசதியாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் அக்கறையும் இருந்தது, வகுப்பும் தன் கையிலேயே இருந்தது. கார் நிற்கும் வரைக்கும் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

இந்த முறையும் யுகேந்திரன்தான் கதவைத் திறந்தார். உதட்டில் விரலை வைத்தார். “உள்ள பாடம் நடக்குது” என்றார் மெதுவாக.

ரமணி எட்டிப் பார்த்தாள். சமையலறையில் அமுதவள்ளி குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் மேசையைப் பிடித்திருந்தார். குளிர்பெட்டியின் வெள்ளைக் கதவில் பலகைப் பேனாவால் ‘மயில்’ என்று பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார். ‘யி’யின் சுழி நடுங்கிக் கோணியது. துணியால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி கோணியது. பேனா விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. யுகேந்திரன் போய் எடுத்துக் கொடுத்தார். அது அவருக்குப் பழகிப்போன வேலை என்று பார்த்தாலே தெரிந்தது.

“மருந்துல விரல்நுனியெல்லாம் மரத்துப் போச்சு” என்றார் அமுதவள்ளி, ரமணியைப் பார்த்ததும். வெட்கப்பட்டவர்போலத் துணியால் கதவைத் துடைத்தார். “பெரியவங்களுக்குன்னா எப்படி எழுதினாலும் புரியும். ஆண்டு ஒண்ணு பிள்ளைங்க நாம எழுதறத அப்படியே எழுதும். கோணலா எழுதினா கோணலாவே எழுதும். அதான் பழகறேன். நிக்கவும் பழகறேன். மொத வாரம் நின்னா கால் நடுங்கும், இப்ப ஒரு பாட நேரம் நிக்கறேன்.”

“ரெண்டு மாசமா இதேதான்” என்றார் யுகேந்திரன். “மத்தியானம் என்னால தூங்க முடியல. அ, ஆ, இன்னு சத்தம்.”

ரமணி தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள் இருந்தது. “டீச்சர்” என்று தொடங்கினாள். “நீங்க…”

“மறைக்காமச் சொல்றேன்” என்றார் அமுதவள்ளி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. “அது திரும்ப வந்திருக்கு. இப்ப மாத்திரையில நல்லா இருக்கேன். அடுத்த வருஷம் எப்படின்னு டாக்டர் சொல்லல, நானும் கேக்கல. முப்பது வருஷமா டீச்சர். கடைசியா லீவுலயே போயிட்டாங்கன்னு இருக்கக் கூடாதுன்னு ஒரு ஆச. ஆனா அந்தப் பிள்ளைங்க உங்க பிள்ளைங்க. ஒரு வருஷமா அவங்க குரலக் கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா? நீங்க வேணாம்னா நான் வரல. கோவிச்சுக்க மாட்டேன்.”

ரமணி குளிர்பெட்டியைப் பார்த்தாள். அழித்தும் அழியாமல் ‘மயில்’ மங்கலாகத் தெரிந்தது. மத்தியானமெல்லாம், மாதக்கணக்காக, யாருமில்லாத சமையலறையில் இந்தப் பெண் பாடம் நடத்தியிருக்கிறார். தானும் இதே பைத்தியம்தான் என்று ரமணிக்குத் தெரியும். இவருடைய இடத்தில் தான் இருந்தால் இதே குளிர்பெட்டியில் இதே சொல்லை எழுதிக்கொண்டிருப்பாள். தனக்கு அடுத்த வருடம் வேறொரு செய்தி வரும், வேறொரு பள்ளி வரும். இவருக்கு எது வரும்? வாயில் இருந்த வாக்கியத்தை அவள் முழுங்கினாள்.

“திங்கக்கிழமை வாங்க டீச்சர்” என்றாள். “பரிசளிப்பு விழாவுக்கு ஆளுக்கொரு வரி கொடுத்திருக்கேன். தாமரைக்கு மட்டும் இன்னும் வரல. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுங்க, அவ பாதியில நிப்பா.”

அமுதவள்ளி மரத்துப்போன விரல்களால் அவள் கையைப் பிடித்தார். பிடிப்பதில் வலுவே இல்லை. காரில் ஏறியதும் முகுந்தன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க அவள் அழுதுகொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை ரமணிக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. இருந்தாலும் வகுப்பைக் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று போனாள். ஆசிரியர்கள் வருகையைப் பதிகிற கருவியைத் தாண்டிப் போய், வாசல் காவலரிடம் வருகையாளர் புத்தகத்தில் பெயர் எழுதினாள். பத்து மாதமாக ‘காலை வணக்கம் டீச்சர்’ சொன்ன காவலர், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

அமுதவள்ளி பொய்முடி வைத்து, நல்ல நீலப் புடவை கட்டியிருந்தார். வகுப்பு வாசலில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். அவர் அந்தப் பள்ளிக்கு இருபது வருடத்துக்கு மேல் வந்தவர், அந்த வாசலில் எத்தனையோ தடவை நுழைந்தவர். உள்ளே இருந்த இருபத்தேழு பேருக்கும் அவர் யாரோ.

இருவரும் ஒன்றாக நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். ரமணியைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ரிஷி புது டீச்சரின் முடியையே உற்றுப் பார்த்தான். தாமரை கையைத் தூக்கினாள். அவள் எப்போதும் கையைத் தூக்கிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டுவிடுவாள்.

“டீச்சர், இவங்கதான் ரிலீஃப் டீச்சரா?”

அமுதவள்ளியின் கை மேசை விளிம்பைப் பற்றியது. பதினான்கு வருடத்தில் யாரும் ரமணியை நிஜ டீச்சர் என்று எண்ணிக் கேட்டதில்லை. இப்போது ஒரு குழந்தை கேட்டுவிட்டது. இல்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவளுக்கே வந்தது. அந்த ஒரு கணம் அவள் அந்தக் கேள்விக்குள்ளேயே நின்றாள். இன்னும் கொஞ்சம் நிற்கலாமா என்றுகூடத் தோன்றியது.

“இல்லம்மா” என்றாள். “நான்தான் ரிலீஃப். இவங்கதான் உங்க டீச்சர். உடம்பு சரியில்லாம இருந்தாங்க. இப்ப வந்துட்டாங்க.”

தாமரை இதைக் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அமுதவள்ளி பேனாவை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, பலகையில் தேதியை எழுதத் தொடங்கினார். எழுத்து நேராகவே வந்தது. பிள்ளைகள் குனிந்து அதைப் பார்த்து எழுதினார்கள். ரமணி கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நன்றாகப் பழக்கியிருந்தாள், எழுதும்போது வேறெங்கும் பார்க்கக் கூடாது என்று.